EN19T கிடைக்காதபோது: எந்த உருக்கைக் காட்டி, எந்த வகை அனுமதி கேட்பது?

கொழும்பு 12-இல் பழைய சோனகத் தெருப் பக்கம் உருக்குக் கம்பி விற்கும் கடையொன்றில் “EN19 இருக்கா?” என்று கேட்டால் “இருக்கு” என்று பதில் கிடைப்பது பெரிய விஷயமில்லை. எந்த விட்டம், எந்த வெப்பப் பதம், எந்தச் சான்றிதழ் என்று அடுத்தடுத்துக் கேட்கும்போதுதான் கதை மாறும். ஏற்றுமதிக்கு ஷாஃப்ட் கடையும் பட்டறைகளுக்கு இந்த நிலைமை புதிதல்ல. பையரின் வரைபடத்தில் ஒரு ரகம் இருக்கும், சந்தையில் அதற்குப் பக்கத்து ரகம்தான் இருக்கும், கப்பல் திகதி நெருங்கிக்கொண்டிருக்கும். அப்போது இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, எந்த மாற்று உருக்கைப் பையர் முன் வைப்பது. மற்றது, அவரிடம் எப்படிப்பட்ட அனுமதியைக் கேட்பது. இரண்டையும் ஒரே வேலையை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இங்கிலாந்திலுள்ள ஒரு பம்ப் தயாரிப்பாளருக்கு 40 ஷாஃப்ட் செய்து கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் 709M40 T என்று இருக்கிறது. நம் பட்டறைகளில் EN19T என்று சொல்லும் அதே சரக்குத்தான். முடித்த ஷாஃப்டின் பெரிய விட்டம் 64 மி.மீ., கப்ளிங் பக்க முனை 45 மி.மீ. ஆகவே 70 மி.மீ. கம்பி வேண்டும். ஒரு ஷாஃப்டுக்கு வெட்டு நீளம் 920 மி.மீ. என்றால் மொத்தம் 37 மீற்றர், கிட்டத்தட்ட 1.1 தொன். EN19T வெளிநாட்டிலிருந்து வந்து சேரப் பத்து வாரம் ஆகும் என்கிறார் சப்ளையர். கப்பலேற்ற இருப்பது ஏழு வாரம். கொழும்பில் உடனே எடுக்கக்கூடியவை நான்கு: ஐரோப்பியத் தராதரத்தில் 42CrMo4+QT, சீனத் தராதரத்தில் 42CrMo, EN24T, EN8.

“அண்ணே, எல்லாம் ஒண்டுதான், பேர்தான் வேற வேற” என்பார் கடைக்காரர். முதல் இரண்டைப் பற்றி அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில்தான் வேலை திரும்பி வருகிறது.

வரைபடம் உண்மையில் என்ன கேட்கிறது

709M40 என்பது உருக்கின் வேதியியல். பின்னால் வரும் T என்ற எழுத்து அது எந்த வலிமைக்குப் பதப்படுத்தப்பட்டது என்பதைச் சொல்கிறது. பழைய பிரித்தானியத் தராதரமான BS 970-இல் T நிலை என்றால் இழுவிசை வலிமை 850 முதல் 1000 மெகாபாஸ்கல், கடினம் 248 முதல் 302 பிரினெல். கம்பி நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லையான நெகிழ்வு வலிமை இந்த ரகத்துக்குக் குறைந்தது 680 மெகாபாஸ்கல் அளவில் வரும். மாற்று ரகம் எதுவானாலும் முதலில் இந்த எண்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். வேதியியல் அட்டவணையில் பொருந்துவது அதற்கு அடுத்த கேள்விதான்.

இணையத்தில் கிடைக்கும் “சமமான ரகங்கள்” அட்டவணையில் EN19, 42CrMo4, AISI 4140, SCM440 எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். அந்த அட்டவணையை இணைத்து “இது சமமான ரகம், ஒப்புதல் தரவும்” என்று அனுப்பும் மின்னஞ்சல்களுக்கு நல்ல பதில் வருவது குறைவு. காரணம் எளிது. பையரின் பொறியியலாளருக்கும் அந்த அட்டவணை தெரியும். 4140 என்பது வேதியியலின் பெயர் மட்டும் என்பதும் தெரியும். அனீல் செய்து மென்மையாக்கிய 4140-உம் 4140தான், பதப்படுத்தி 28 முதல் 32 ராக்வெல் சி வரை கொண்டுவந்த 4140-உம் 4140தான். இரண்டாவது நம் 248–302 பிரினெல் வரம்புக்குள் வந்துவிடும். முதலாவது பக்கத்தில்கூட வராது. எனவே அவருக்குத் தேவை இந்தக் கம்பி, இந்த விட்டத்தில், இந்த ஷாஃப்டுக்குப் போதுமா என்பதற்கான பதில்.

நான்கு கம்பிகளும் பக்கத்துப் பக்கத்தில்

EN8-ஐ முதலிலேயே தள்ளிவைத்துவிடலாம். விலை குறைவு, எங்கும் கிடைக்கும், கடைசலுக்கும் இலகு. ஆனால் அதில் குரோமியமும் மொலிப்டினமும் சேர்ப்பதில்லை. 70 மி.மீ. தடிப்பில் எண்ணெயில் குளிர்வித்தாலும் உள்ளே கடினம் இறங்காது. நோர்மலைஸ் செய்த EN8-க்கு இந்தத் தடிப்பில் எதிர்பார்க்கக்கூடிய குறைந்தபட்ச வலிமை 550 மெகாபாஸ்கல் அளவுதான். வரைபடம் கேட்பதோ 850. இதைச் சமமான ரகம் என்று ஒரு பையரிடம் சொன்னால் அடுத்த முறை நாம் சொல்லும் சரியான விஷயத்தையும் அவர் சந்தேகிப்பார்.

EN24T-ஐப் பலர் பாதுகாப்பான தெரிவு என்று நினைக்கிறார்கள். நிக்கல் 1.3 முதல் 1.7 வீதம் இருப்பதால் பெரிய தடிப்பிலும் உள்வரை நன்றாகக் கடினமாகும், அதிர்ச்சியையும் கூடுதலாகத் தாங்கும். T நிலையில் வலிமை வரம்பு அதே 850–1000தான், கடினமும் அதே 248–302தான். வரைபடத்தின் எந்த எண்ணையும் இது மீறாது. பிறகு ஏன் தயங்க வேண்டும்? முதல் காரணம் விலை. நிக்கலுக்கான காசை யார் தருவது என்ற பேச்சு தொடங்கினால் அனுமதி அந்தப் பேச்சுக்குள் மாட்டிக்கொண்டு இழுபடும். இரண்டாவது காரணம் பையரின் பக்கம் இருப்பது. அவருடைய பம்ப் எங்கே ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது. ஐதரசன் சல்பைட் வாயு உள்ள எண்ணெய், எரிவாயு வேலைகளுக்கான NACE MR0175 தராதரம், குறை கலப்பு உருக்குகளில் நிக்கல் 1 வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகும் உறுப்புக்கு “இன்னும் உயர்ந்த ரகம் போட்டிருக்கிறோம்” என்று சொல்வது நல்ல செய்தியே அல்ல. ஆகவே EN24T-ஐ இரண்டாவது தெரிவாகக் கையில் வைத்திருக்கலாம், ஆனால் கேள்வியோடு சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும்: இந்த ஷாஃப்ட் போகும் இடத்தில் நிக்கலுக்குத் தடை ஏதும் உண்டா?

சீன 42CrMo-வில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வேதியியலைப் பார்த்தால் 42CrMo4-க்கு மிக நெருக்கம். சான்றிதழில் இழுவிசை வலிமை 1080-க்கு மேல், நெகிழ்வு வலிமை 930-க்கு மேல் என்று அச்சாகியிருக்கும். பார்த்தவுடன் மனம் குளிரும். ஆனால் GB/T 3077 தராதரத்தில் அந்த எண்கள் 25 மி.மீ. மாதிரித் துண்டொன்றைத் தனியாக வெப்பப் பதம் செய்து இழுத்துப் பார்த்தவை. நம் கைக்கு வரும் 70 மி.மீ. கம்பி வெறும் சூடாக உருட்டிய நிலையிலோ அனீல் செய்த நிலையிலோ இருக்கலாம். சான்றிதழ் பொய் சொல்லவில்லை. அந்த உருக்கு எவ்வளவு தூரம் போகக்கூடியது என்று அது சொல்கிறது, கைக்கு வந்த கம்பி எங்கே நிற்கிறது என்று சொல்லவில்லை. ஜப்பானிய SCM440-க்குப் பட்டியல்களில் வரும் 980 மெகாபாஸ்கலும் இதே வகைதான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. சான்றிதழில் “விநியோக நிலை” என்ற வரியைப் பாருங்கள். குவென்ச், டெம்பர் செய்தது, அதாவது சூடாக்கி வேகமாகக் குளிர்வித்து மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தியது என்று அங்கே தெளிவாக இல்லை என்றால் வலிமை எண்களை நம்பக் கூடாது. அப்புறம் கம்பியின் மேற்தோலை இரண்டு மூன்று மி.மீ. சீவிவிட்டுக் கடினம் பார்க்க வேண்டும். தோலில் காபன் எரிந்து போயிருக்கும் என்பதால் சீவாமல் அழுத்தினால் குறைவாகக் காட்டும். சீவிய இடத்தில் 200-ஐச் சுற்றிப் பிரினெல் வந்தால் அது பதப்படுத்தாத கம்பி. அதை வாங்கிக் கொழும்பிலேயே வெப்பப் பதம் செய்விக்கலாம்தான். ஆனால் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமான துண்டுகள் வளையும், மறுபடி நேராக்க வேண்டும், நேராக்கினால் உள்ளிறுக்கம் தங்கும், ஒவ்வொரு சூளைத் தொகுதிக்கும் புதிய சோதனை அறிக்கை வேண்டும். ஏழு வாரத்தில் அந்தப் பாதையை நான் எடுக்கமாட்டேன்.

மிஞ்சுவது 42CrMo4+QT. அதன் பின்னால் இருக்கும் +QT என்பது ஆலையிலேயே குவென்ச், டெம்பர் செய்து வந்தது என்பதற்கான குறி. EN 10083-3 தராதரத்தில் வலிமை கம்பியின் விட்டத்தோடு சேர்த்தே சொல்லப்படுகிறது, அதுதான் இதன் பெரிய பலம். 40-க்கு மேல் 100 மி.மீ. வரை: இழுவிசை வலிமை 900–1100, நெகிழ்வு வலிமை குறைந்தது 650.

இங்கே ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். வரைபடம் 850–1000 கேட்கிறது, இந்தத் தராதரம் 900–1100 தருகிறது. கீழ் வரம்பு நமக்குச் சாதகம். மேல் வரம்பில் 1000-க்கும் 1100-க்கும் இடையில் ஒரு கம்பி வந்தால் அது 42CrMo4+QT என்ற வகையில் சரியான சரக்கு, T நிலை என்ற வகையில் தவறான சரக்கு. நெகிழ்வு வலிமையிலும் 650 என்பது 680-ஐத் தொடவில்லை. அதோடு மொலிப்டினம்: 709M40-இல் 0.25 முதல் 0.35 வீதம், 42CrMo4-இல் 0.15 முதல் 0.30 வீதம். மில்கள் கலப்பு உலோகத்தைத் தேவைக்கு மேல் போடுவதில்லை, ஆகவே 0.18, 0.20 என்றுதான் பெரும்பாலும் வரும். அதாவது தாளில் வைத்துப் பார்த்தால் இரண்டு ரகமும் ஒன்றோடொன்று மேற்படுகின்றன, ஒன்று மற்றதற்குள் அடங்கவில்லை. “சமமான ரகம்” என்ற சொல்லை நான் கடிதத்தில் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். தராதரத்தைத் தராதரத்தோடு ஒப்பிட்டால் மூன்று இடத்தில் இடிக்கும். வரைபடத்தின் எண்களைக் கையிலிருக்கும் கம்பியின் உண்மை எண்களோடு ஒப்பிட்டால் ஒரே இடத்தில்தான் இடிக்கும், அதை விளக்கவும் முடியும்.

ஒரு சான்றிதழை எடுத்துப் படிப்போம்

சப்ளையர் தரும் EN 10204 வகை 3.1 சான்றிதழில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: காபன் 0.41, மங்கனீஸ் 0.79, குரோமியம் 1.04, மொலிப்டினம் 0.19. இழுவிசை வலிமை 962, நெகிழ்வு வலிமை 764, கடினம் 285 பிரினெல். வகை 3.1 என்பது முக்கியம். அந்தக் குறிப்பிட்ட தொகுதிச் சரக்கைச் சோதித்து, ஆலையின் உற்பத்திப் பிரிவைச் சாராத அதிகாரி கையெழுத்திட்டது அது. வகை 2.2 என்றால் பொதுவான உற்பத்தியின் சோதனை முடிவுகள்தான், நம் கம்பியைச் சோதித்தது என்று பொருளில்லை.

962 என்பது 850–1000-க்குள். 764 என்பது 680-க்கு மேல். 285 என்பது 248–302-க்குள். காபன், மங்கனீஸ், குரோமியம் மூன்றும் 709M40 வரம்புக்குள்ளேயே வருகின்றன. வெளியே நிற்பது மொலிப்டினம் மட்டும்.

அது குறைந்தால் என்ன ஆகும்? குளிர்விக்கும்போது கடினம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதில் மொலிப்டினத்துக்குப் பெரிய பங்கு. குறைந்தால் கம்பியின் மையம் கொஞ்சம் மென்மையாக இருக்கும். சான்றிதழில் உள்ள இழுவிசை மாதிரி மையத்திலிருந்து எடுத்ததல்ல. இந்த விட்டத்துக் கம்பிக்கு மேற்பரப்பிலிருந்து 12.5 மி.மீ. ஆழத்தில் மாதிரியின் மையம் வரும்படி எடுப்பார்கள். இப்போது ஷாஃப்டைப் பாருங்கள். 70 மி.மீ. கம்பியை 45 மி.மீ.க்குக் கடைந்தால் ஒவ்வொரு பக்கமும் சரியாக 12.5 மி.மீ. போகிறது. ஆக, கப்ளிங் முனையின் புதிய மேற்பரப்பு எங்கே வருகிறதோ அதே ஆழத்தில்தான் ஆலை இழுத்துப் பார்த்திருக்கிறது. முறுக்குக்கும் வளைவுக்கும் உட்படும் ஷாஃப்டில் அழுத்தம் அதிகம் விழுவது மேற்பரப்பில், அதிலும் சாவிப்பள்ளம் வெட்டிய முனையில். பையரின் பொறியியலாளருக்குக் கேள்வி வருமிடம் அதுதான், அதற்கான எண் நம் கையில் இருக்கிறது.

மையத்தைப் பற்றி அவர் கேட்பார். கேட்பதற்கு முன்பே பதிலை அனுப்பிவிடலாம். கம்பியின் நுனியைத் தவிர்த்து, ஒரு விட்டமளவாவது உள்ளே தள்ளி 20 மி.மீ. தடிப்பில் ஒரு வில்லை வெட்டுங்கள். வாளால், குளிர்நீர் ஓடவிட்டு. எரிவாயுவால் வெட்டினால் சூடே கடினத்தை மாற்றிவிடும். வில்லையின் முகத்தை அரைத்து, ஓரம், ஓரத்துக்கும் மையத்துக்கும் நடு, மையம் என்று மூன்று இடத்தில் கடினம் பாருங்கள். 288, 276, 262 என்ற மாதிரி இறங்கினால் மையமும் 248-க்கு மேல் நிற்கிறது, விஷயம் முடிந்தது. மையத்தில் 230 என்று வந்தால் அதை மறைக்காமல் அனுப்ப வேண்டும். அப்போதும் பொறியியலாளர் ஒப்புக்கொள்ளலாம், ஏனென்றால் இந்த ஷாஃப்டில் மையத்தைத் தொடும் இடமே இல்லை. ஆனால் அதைத் தீர்மானிப்பவர் அவர்.

இந்தச் சோதனைகளைக் கொழும்பு 7-இல் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்திலோ, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொருள் விஞ்ஞான, பொறியியல் துறையிலோ விசாரித்துச் செய்விக்கலாம். வேதியியல் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கையில் பிடித்துச் சுடும் எக்ஸ்ரே கருவி மொலிப்டினம், குரோமியம், நிக்கல் எல்லாம் காட்டும், காபனைக் காட்டாது. காபனும் வேண்டுமென்றால் பொறி மூலம் பார்க்கும் நிறமாலைக் கருவிதான். கம்பி ஆலையில் எந்த உருக்கல் தொகுதியிலிருந்து வந்தது என்று காட்டும் ஹீட் நம்பரை அறிக்கையில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். கம்பி முனையில் குத்தியிருக்கும் ஹீட் நம்பரும் சான்றிதழில் இருப்பதும் ஒன்றா என்று பணம் கட்டுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கடையில் வெட்டிக் கொடுக்கும்போது குத்திய முனை கடையிலேயே தங்கிவிட்டால், பிறகு அந்தத் துண்டுக்கும் சான்றிதழுக்கும் உறவே இல்லை.

எந்த வகை அனுமதி?

உருக்கு தெரிந்துவிட்டது. இனி அனுமதி. பலரும் முதலில் தேடுவது வாய்ப்பேச்சு அனுமதி. பையர் நிறுவனத்தில் நமக்குப் பழக்கமான கொள்வனவு அதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் அவரும் “ஓகே, கோ அஹெட்” என்று போடுவார். வேகமான வழிதான். ஆனால் வரைபடத்தை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை, வடிவமைப்புப் பிரிவிடம் இருக்கிறது. சரக்குப் போய்ச் சேர்ந்து தரப் பரிசோதகர் சான்றிதழில் வேறு பெயரைப் பார்க்கும்போது அந்த வாட்ஸ்அப் செய்தி நம்மைக் காப்பாற்றாது, அந்த அதிகாரியையும் சங்கடத்தில் தள்ளும். அவரை அணுகத்தான் வேண்டும், ஆனால் கோரிக்கையை வடிவமைப்புப் பொறியியலாளரிடம் கொண்டுசேர்க்கும்படி கேட்பதற்கு.

அடுத்தது நிரந்தர மாற்றம். வரைபடத்திலேயே “709M40 T அல்லது 42CrMo4+QT” என்று திருத்திவிடுங்கள் என்று கேட்பது. வருங்காலத்துக்கு இதுதான் நல்லது, 42CrMo4 எடுப்பதும் எளிது. ஆனால் நம் அவசரத்துக்கு இது உதவாது. வரைபடத் திருத்தம் என்றால் அவர்கள் பக்கம் உதிரிப்பாகப் பட்டியல், மற்றச் சப்ளையர்கள், ஏற்கெனவே விற்ற பம்புகள் என்று பல மேசைகளைத் தாண்ட வேண்டும். ஏழு வாரத்தில் பதில் வராமலே போகலாம்.

மூன்றாவது வழி இந்த ஓடருக்கு மட்டுமான விலகல் அனுமதி. ஐஎஸ்ஓ 9000-இன்படி, பொருளைச் செய்வதற்கு முன்பே, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கோ குறிப்பிட்ட காலத்துக்கோ, குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டுக்கு, தேவையிலிருந்து விலகத் தரும் அனுமதி இது. செய்து முடித்த பிறகு கேட்பது சலுகை என்ற வேறு வகை. இரண்டும் பையர் பார்வையில் வெகு தூரம். முன்னதில் நாம் திட்டமிட்டுக் கேட்கிறோம், அவர் மறுத்தால் யாருக்கும் நட்டமில்லை. பின்னதில் 40 ஷாஃப்ட் கடைந்து வைத்துக்கொண்டு கேட்கிறோம், அவர் மறுத்தால் 1.1 தொன் உருக்கும் கடைசல் கூலியும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். என் தெரிவு சந்தேகமில்லாமல் விலகல் அனுமதிதான். நாற்பது ஷாஃப்ட், ஒரே ஹீட் நம்பர் என்று எல்லை தெரியும்போது பொறியியலாளருக்குக் கையெழுத்திடத் தைரியம் வரும். ஏதாவது நடந்தாலும் எந்த ஷாஃப்ட் எங்கே என்று தேடிப் பிடிக்கலாம்.

காத்திருப்பதும் ஒரு தெரிவுதான், அதை எளிதில் ஒதுக்கக் கூடாது. கையில் பழைய EN19T கொஞ்சம் இருந்து அதில் பத்துப் பன்னிரண்டு ஷாஃப்ட் வருமென்றால், அதைத் திகதிக்கு அனுப்பி மீதியைப் பிறகு அனுப்பச் சம்மதம் கேட்கலாம். எல்.சி.யில் தடை எழுதப்படாவிட்டால், எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யுசிபி 600-இன்படி பகுதி பகுதியாக அனுப்பலாம். கடைசிக் கப்பல் திகதியை நீட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பையருக்கு உடனே தேவைப்படுவது பத்துத்தான் என்றால் இந்த வழியே எல்லாவற்றையும் விட நேரானது. ஆகவே அனுமதிக் கோரிக்கையில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

கோரிக்கையில் எழுத வேண்டியது

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். சாரம் இப்படி இருந்தால் போதும்:

“ஓடரில் உள்ள 40 ஷாஃப்டுக்கு வரைபடம் 709M40 T கேட்கிறது. 70 மி.மீ. கம்பி எங்களுக்கு வந்து சேரப் பத்து வாரம் ஆகும், கப்பல் திகதிக்கு அது பிந்தியது. இந்த 40-க்கு மட்டும் 42CrMo4+QT பாவிக்க அனுமதி கோருகிறோம். கையிலுள்ள கம்பியின் ஹீட் நம்பரும் 3.1 சான்றிதழும் இணைப்பில். இழுவிசை வலிமை, நெகிழ்வு வலிமை, கடினம் மூன்றும் வரைபடம் கேட்கும் வரம்புக்குள் உள்ளன. மொலிப்டினம் 0.19, 709M40-இன் குறைந்த அளவான 0.25-ஐ விடக் குறைவு. இதற்காகக் கம்பியின் குறுக்கே கடினம் பார்த்த அறிக்கையையும் இணைத்துள்ளோம். அளவுகளிலும் விலையிலும் மாற்றமில்லை. உங்கள் எழுத்துமூல அனுமதி வரும்வரை கம்பியை வெட்டமாட்டோம். திகதிக்கு அனுப்ப, பதில் இந்த மாதம் 20-க்குள் தேவை. அனுமதி இயலாவிடில் பகுதி பகுதியாக அனுப்பும் யோசனையைப் பேசத் தயார்.”

இதில் மொலிப்டினம் பற்றிய வரிதான் முக்கியமானது. ஒத்துவராத ஒரே இடத்தை நாமே சுட்டிக்காட்டும்போது பொறியியலாளர் மற்ற எண்களையும் நம்பிப் படிப்பார். அவரே தேடிக் கண்டுபிடித்தால் முழுக் கடிதத்தையும் சந்தேகத்தோடு திரும்பப் படிப்பார். விலையைப் பற்றிய வரியும் அவசியம். மாற்று மலிவாகக் கிடைத்தால் அதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை, இல்லையென்றால் தட்டுப்பாடு என்பது சாக்கு என்று அவர் நினைக்க இடமிருக்கிறது.

அனுமதி வந்த பிறகும் கொழும்புப் பக்கத்தில் ஒரு வேலை மிச்சமிருக்கிறது, இதைப் பட்டறைக்காரர்கள் விட்டுவிடுவது உண்டு. எல்.சி.யில் பொருள் விவரணம் “709M40 T ஷாஃப்ட்” என்று இருந்தால், யுசிபி 600-இன் 18ஆம் பிரிவின்படி வர்த்தக விலைப்பட்டியலில் உள்ள விவரணம் எல்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். வங்கி உருக்கைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறது. பையரின் பொறியியலாளர் தந்த அனுமதி வங்கிக்கு ஒரு ஆவணமே அல்ல. விலைப்பட்டியலில் 42CrMo4 என்று எழுதினால் முரண்பாடு என்று பணம் நிற்கும். 709M40 என்று எழுதினால் பணம் வரும், ஆனால் கையெழுத்திட்டுப் பொய் சொல்லியிருக்கிறோம். ஆகவே எல்.சி. திருத்தத்தைப் பையர் தன் வங்கியில் கேட்க வேண்டும், திருத்தம் நம் வங்கிக்கு வந்த பிறகுதான் கப்பலேற்ற வேண்டும். எல்.சி.யில் ரகத்தின் பெயரே இல்லாமல் வரைபட எண் மட்டும் இருந்தால் தொல்லை குறைவு. புதிய ஓடர்களில் அப்படி எழுதச் சொல்லிக் கேட்பது நல்லது.

பட்டறைக்குள் வந்த கம்பியின் முனைக்கு வேறு நிறம் பூசி, EN19T-இலிருந்து தள்ளி வைக்க வேண்டும். வெட்டும்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஹீட் நம்பரை மாற்றிக் குத்தவேண்டும். இரண்டு உருக்கும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், லேத்தில் வரும் சீவலில்கூட வித்தியாசம் தெரியாது. ஷாஃப்டோடு போகும் இணக்கச் சான்றிதழில் உண்மையான ரகம், ஹீட் நம்பர், பையர் தந்த அனுமதி எண் மூன்றும் இருக்க வேண்டும்.

இந்த முடிவு எல்லா ஷாஃப்டுக்கும் பொருந்தாது. வரைபடத்தில் T-க்குப் பதில் அதைவிட வலிமையான நிலை கேட்டிருந்தாலோ, விட்டம் 100 மி.மீ.யைத் தாண்டினாலோ 42CrMo4+QT-இன் எண்கள் போதாமல் போகலாம். 100-க்கு மேல் 160 வரை இழுவிசை வலிமையின் தொடக்கம் 800தான். அங்கே EN24T முதல் தெரிவாகிவிடும். கப்பலின் உந்துதண்டுப் பக்கம் போகும் ஷாஃப்ட் என்றால் பையர் தரும் அனுமதி மட்டும் போதாது. கப்பல்களைப் பரிசோதித்துச் சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கம் அங்கீகரித்த ஆலையிலிருந்து வந்த உருக்கா என்று அவர்களுடைய சர்வேயர் கேட்பார். அந்த வேலையில் கம்பிக்கு விலை பேசுவதற்கு முன்பே சர்வேயரிடம் போக வேண்டும்.